காட்டடி நிலத்துக்கு நிவாரணம் முதல்ல: பயிர்ச்சேதம் பத்தி மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு கொள்கைக் குறிப்பு

பெறுநர்: மாவட்ட வன அலுவலர் அவங்க, திருநெல்வேலி
அனுப்புறது: களக்காடு வட்டார மலையடிவார வாழை, நெல் விவசாயிகள்

ஐயா, போன குறைதீர் கூட்டத்துல எழுத்துல குடுங்கன்னு சொன்னீங்க, அதனால எல்லாரும் உக்காந்து பேசி எழுதுறோம். கேக்குறது ஒண்ணுதான். காட்டெல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள நிலம் வச்சிருக்கவங்களுக்கு பயிர்ச்சேத நிவாரணம் மத்த எல்லாருக்கும் முன்னால, நாள் கணக்கு வச்சு போய்ச் சேரணும்.

ஏன் அந்த ஒரு கிலோமீட்டர்னு கேட்டா, காரணம் அரசாணையிலேயே இருக்கு. 2025 ஜனவரியில காட்டுப்பன்னி விஷயமா தமிழ்நாடு அரசு முடிவு எடுத்தப்போ காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் சுடக்கூடாது, 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சு காட்டுல விடலாம், 3-க்கு வெளிய வந்தா வனத்துறை ஆளுங்க சுடலாம்னு பிரிச்சாங்க. அதுல எங்களுக்கு தகராறு இல்ல, காட்ட ஒட்டி துப்பாக்கி வேண்டாம்தான். ஆனா பன்னி முதல்ல இறங்குற வயலுக்கு அந்த ஆணையில ஒண்ணுமே இல்லல்லா? யானைக்கு சொல்லவே வேண்டாம், 1972 சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, யாரும் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அப்போ அந்த ஒரு கிலோமீட்டர்க்காரனுக்கு அரசாங்கம் குடுக்கக்கூடிய ஒரே பதில் பணம்தான். அதுவும் லேட்டானா அவனுக்கு எதுவுமே இல்லன்னு அர்த்தம்.

எங்க குழுவுல ஒரு அண்ணாச்சிக்கு நடந்தத சொல்றோம். திருக்குறுங்குடி பக்கம் கோயில் நிலம் ஒண்ணரை ஏக்கர பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை வச்சிருந்தாரு, நாலு மாசக் கன்னு. ரெண்டு ராத்திரியில பன்னிக்கூட்டம் 230 கன்னோட கிழங்க தோண்டித் தின்னுட்டு போயிருச்சு. மறுநாளே மனு குடுத்தாரு. ஆள் வந்து பாத்தது பதினோராவது நாள். அதுக்குள்ள கால்வாயில தண்ணி முறை வந்துருச்சு, முறைய விட்டா அடுத்து எப்போன்னு தெரியாது, அதனால சாஞ்சத அள்ளிப் போட்டுட்டு புதுக்கன்னு நட்டுட்டாரு. வந்தவங்க நிலத்தப் பாத்துட்டு சேதம் எங்கன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்லல, ஒரு வனவருக்கு எத்தன ஊரு, எத்தன ராத்திரி ரோந்துன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா போட்டோ இருக்குன்னு அண்ணாச்சி போன காட்டினப்போ பட்டா யார் பேர்லன்னு அடுத்த கேள்வி வந்துச்சு. பட்டா சாமி பேர்ல இருக்கு. அவரு பேர்ல இருக்கது பாட்டம் கட்டின ரசீதும் உரக்கடை கடனும்தான்.

இங்க கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்ல இருக்கவங்க நிலம்னு பாட்டத்துக்கும் வாரத்துக்கும் பயிர் வைக்கிறவங்க ஏராளம். நட்டம் அவங்களுக்கு, மனு போடுற தகுதி மட்டும் இன்னொருத்தருக்கு. அடங்கல்ல பயிர் வச்சவரு பேர் இருந்தாலோ, பாட்ட ரசீதோட கிராம நிர்வாக அலுவலர் இவருதான் சாகுபடின்னு எழுதிக் குடுத்தாலோ அது போதும்னு உங்க அலுவலகத்துல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தா பாதி சிக்கல் தீந்துரும்.

எல்லா மிருகமும் ஒரே மாதிரி அழிக்கிறதில்ல, நிவாரணக் கணக்கு மட்டும் ஒரே மாதிரி இருக்கு. யானை ஒரு ராத்திரி வந்தா தோட்டமே போயிரும், வாழைத்தண்ட பிளந்துரும், தென்னைய சாச்சு குருத்த திங்கும், வடலியையும் விடாது. காய்க்க ஆரம்பிச்ச தென்னை ஒண்ணு போச்சுன்னா திரும்ப காய் பாக்க அஞ்சாறு வருஷம் ஆகும், அத ஏக்கர் கணக்குல அளந்தா என்ன வரும்? மரத்துக்கு மரம் வயசு பாத்து கணக்கு போடணும். பன்னியும் மிளாவும் வேற ரகம். இன்னைக்கு இருபது கன்னு, நாளைக்கு ஒரு பாத்தி, அடுத்த வாரம் பிசான நெல்லுல கதிர் பால் பிடிக்கிற நேரமா ஒரு மூலை. ஒவ்வொரு தடவையும் மனு போட அம்பைக்கோ களக்காட்டுக்கோ போற பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேதத்த விட ஜாஸ்தி, அதனால யாரும் போறதில்ல, உங்க பதிவேட்டுல அந்த ஊர்ல சேதமே இல்லன்னு இருக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு மனு, அதுல தேதி வாரியா எல்லா ராத்திரியையும் சேத்து எழுதுறதுக்கு வழி வைங்க.

எந்தக் கணக்குலயும் வராத செலவு ஒண்ணு இருக்கு, அது காவல். தார் தள்ளுன நாள்ல இருந்து வெட்டுற வரைக்கும் பரண்ல கெடந்து தகரம் தட்டுறது, டார்ச் அடிக்கிறது, காலையில வழக்கம்போல வேலைக்கு போறது. கரடி நடமாட்டம் இருக்கிற ஊர்கள்ல பொம்பளைங்க விடியக்காலம் வயலுக்கு போகவே பயப்படுறாங்க. இதுக்கு பணம் கேக்கல, ஆனா நிவாரணத்த சலுகை மாதிரி பாக்குறவங்க இத ஒரு ராத்திரி வந்து பாக்கணும்.

கசப்பான ஒரு விஷயத்தையும் மறைக்காம சொல்லிருறோம். பணம் வராதுன்னு முடிவு பண்ணினவன்தான் கரண்ட் கம்பியில கொக்கி போட்டு வேலியில விடுறான். அதுல யானையும் சாகுது, மறுநாள் தெரியாம போற மனுஷனும் சாகுறான். மின்வேலிக்கு 2023-ல விதி வந்துருச்சு, பதிவு பண்ணனும்னு இருக்கு, பிடிக்கிறதும் சரிதான். ஆனா 2022-ல அகத்தியமலை யானைகள் காப்பகம்னு அறிவிச்ச மலைக்கு அடியில யானைய காப்பாத்துறதுக்கு வழக்கு மட்டும் போதாது, நேரத்துக்கு வர்ற நிவாரணமும் வேணும்.

பயிர் காப்பீட்டுல 2026 காரிஃப் பருவத்துல இருந்து வனவிலங்கு சேதத்தையும் சேக்குறதா மத்திய அரசு 2025 நவம்பர்ல அறிவிச்சிருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள இடம் பதிவான போட்டோவோட ஆப்ல சொல்லணும். எந்த விலங்கு, எந்த இடம்னு மாநிலம்தான் பட்டியல் போடணும். நம்ம மாவட்டத்துக்கு யானை, காட்டுப்பன்னி, மிளா, காட்டுமாடு நாலும் அதுல வரணும்னும், புலிகள் காப்பக எல்லையோர ஊர் எல்லாம் வரணும்னும் உங்க அலுவலகம் வேளாண்துறைக்கு இப்பவே எழுதுங்க. காப்பீடு வருதுன்னு நிவாரணத்த நிறுத்திரக்கூடாது, பிரீமியம் கட்ட முடியாதவங்கதான் காட்டோரத்துல அதிகம்.

அதே 72 மணி நேரத்த வனத்துறையும் தனக்கு வச்சுக்கிடணும்ங்கிறதுதான் எங்க முக்கியமான கோரிக்கை. மூணு நாளுக்குள்ள வனவர் வர முடியலன்னா, வேட்டைத் தடுப்புக் காவலரோ கிராம உதவியாளரோ ரெண்டு பக்கத்து வயக்காரங்கள சாட்சியா வச்சு எடுத்த போட்டோவ தணிக்கையா ஏத்துக்கிடணும், அதுக்கு மேல பயிர அழிச்சு நட விவசாயிக்கு உரிமை இருக்கணும். மனு வாங்கினதும் தேதி போட்ட ரசீது, 30 நாள்ல முடிவு, மறுத்தா காரணம் எழுத்துல. 2019-ல தென்காசி பிரிஞ்சதுக்கு அப்புறம் கடையம் பக்கத்து ஆளுங்களுக்கு எந்த மாவட்டம், எந்தக் கோட்டம், எந்த ரேஞ்ச்னு கொழப்பம் இருக்கு, எந்த ரேஞ்ச்ல குடுத்தாலும் மனுவ வாங்கிட்டு ஆபீசுங்க தங்களுக்குள்ள மாத்திக்கிடட்டும்.

மாவட்டம் பூரா ஒரே நேரத்துல முடியாதுன்னு தெரியும். வர்ற பிசானப் பருவத்துக்கு காட்ட ஒட்டின அஞ்சு ஊர மட்டும் எடுத்து பாருங்க. அந்த அஞ்சு ஊருக்கும் ராத்திரி வாரியா நோட்டு போட எங்க குழு ஆள் தரும், எந்த வழியா இறங்குதுன்னு அதுலயே தெரிஞ்சிரும், அகழியும் சோலார் வேலியும் எங்க போடணும்னு முடிவு பண்ணவும் உதவும். திருக்குறுங்குடி அண்ணாச்சியோட போட்டோ, பாட்ட ரசீது, மனு நகல் மூணையும் இதோட இணைச்சிருக்கோம். அவரு மனு இன்னும் நிலுவையிலதான் இருக்கு.