அக்கிரகாரத் திண்ணையிலிருந்து தெரிந்த ஊர்

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ 1965இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இனவரைவியல் நூல். தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டு, 1961–62இல் அங்கே தங்கிச் செய்த களப்பணியிலிருந்து எழுதப்பட்டது.

வாதம் தெளிவானது. சாதி உயர்வு, நிலம், ஊர் அதிகாரம் மூன்றும் ஒருகாலத்தில் பிராமண மிராசுதாரர்களிடமே குவிந்திருந்தன. பிறகு நிலம் கைமாறியது, படித்தவர்கள் நகரத்து வேலைகளுக்குப் போனார்கள், வாக்குரிமையும் கட்சிகளும் பஞ்சாயத்தும் பிராமணரல்லாதாருக்குக் கை கொடுத்தன. மூன்றும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கின. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரிடமிருந்து எடுத்த இந்தப் பகுப்பைத் தெருத்தெருவாகப் பொருத்திக் காட்டியதுதான் நூலின் பெரும் பலம். எல்லாவற்றையும் சாதி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

சான்றுகளுக்கு வருவோம். ஊரில் 349 வீடுகள்: பிராமணர் 92, பிராமணரல்லாதார் 168, ஆதி திராவிடர் 89. பெத்தேய் குடியிருந்தது அக்கிரகாரத்து வீட்டில். அதனால் மற்ற இரு பிரிவினரும் தன்னைப் பிராமணர் பக்கத்து ஆளாகவே பார்த்தார்கள் என்றும், அவர்களைப் பற்றிய தரவு அந்த அளவுக்கு மெலிந்தது என்றும் அவரே எழுதுகிறார். இந்த நேர்மையை மதிக்க வேண்டும். ஆனால் அறிமுகத்தில் சொன்ன எச்சரிக்கை முடிவுரை வரை கூடவே வரவில்லை என்பதே என் குறை. பிராமணர்களின் சரிவை விவரிக்கும் பக்கங்களில் ஊரின் மூச்சு கேட்கிறது. சேரி வரும்போது எழுத்து பொதுவிவரணையாகச் சுருங்குகிறது.

விளைவு சிறியதல்ல. மேல்படியில் பிரிந்த மூன்றும் கீழ்ப்படியில் பிரியவே இல்லை. ஆதி திராவிடர்களில் பெரும்பாலோருக்குத் தாழ்ந்த சாதி, கூலி வேலை, அதிகாரமின்மை மூன்றும் ஒரே முடிச்சுதான். 1968 டிசம்பர் 25 அன்று அதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கீழ்வெண்மணியில், நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நூலுக்குப் பின் நடந்ததை வைத்து ஆசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சேரிப் பக்கமிருந்து தொடங்கிய ஆய்வுக்கு ‘பிரிதல்’ என்பது முதல் சொல்லாக வந்திருக்காது.

இன்னொரு சிக்கல் எல்லை பற்றியது. நிலச் சொந்தக்காரர்கள் சிலர் வெளியூரில் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வெளியூரில் நிலம் இருக்கிறது. ஊர் எல்லைக்குள் வீட்டுக் கணக்கு எடுத்தால் வர்க்கம் பாதிதான் அகப்படும். இதை பெத்தேய் உணர்ந்திருக்கிறார். வீட்டுக் கணக்கை, கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கல் பதிவோடு புல எண் வாரியாக ஒப்பிட்டு, யார் நிலத்தை யார் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறார் என்று ஒரே அட்டவணையாகத் தந்திருந்தால் வாதம் இன்னும் உறுதிப்பட்டிருக்கும். ‘முன்பு’ என்று அவர் சொல்லும் காலமும் அவர் கண்ணால் பார்த்ததல்ல. மாற்றத்தை அளக்க இரண்டு புள்ளிகள் வேண்டும். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951–52இல் ஆய்ந்த தஞ்சை ஊருக்கே 1976இல் திரும்பிப் போனதன் அருமை இங்கே புரிகிறது.

வகுப்பில் இந்நூலை வைப்பவர்கள் களப்பணி பற்றிய அறிமுகத்தையும் அதிகாரம் பற்றிய இயலையும் அடுத்தடுத்து படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தகவல் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.