நமக்கு உதவுவோர்: யு.கே.ஜி. 'ஆ' பிரிவுக்கான வாரத் திட்டம்

இடம்: மயிலாடுதுறை, நர்சரிப் பள்ளி. குழந்தைகள் 24 பேர், எல்லாருக்கும் ஐந்து வயது. வகுப்பில் என்னோடு இருக்கும் உதவி ஆசிரியைக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வாரம் குழந்தைகளிடம் "இவர் யார்?" என்று கேட்பதைவிட, "இவர் இன்று காலை என்ன செய்தார்?" என்று கேளுங்கள். படத்தைப் பார்த்து "போலீஸ்!" என்று கத்த எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். பால் பாக்கெட் வாசலுக்கு எப்படி வந்தது என்று யோசிக்க வைப்பதுதான் நம் வேலை.

திங்கள்: வட்டமாக உட்கார்ந்து பேச்சு

தொடக்கக் கேள்வி: "நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வேலை பார்த்தவர் யார்?" பால்காரர், பேப்பர் போடுபவர், ரயில் ஓட்டுநர், இரவுப் பணி செவிலியர் எல்லாரும் வருவார்கள். சமைத்துக் கொடுத்த அம்மாவையும் யாராவது சொல்வார்கள், மறுக்க வேண்டாம். பிறகு பொம்மைத் தொலைபேசியில் 108 அழைக்கும் பயிற்சி. எண்ணைச் சொன்னால் போதாது, தெருப் பெயரையும் சொல்ல வேண்டும். தன் தெருப் பெயர் தெரியாத குழந்தைகளைக் குறித்துக்கொண்டு, மாலையில் அழைக்க வரும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்: வேடமிட்டு விளையாட்டு

வாடகை உடை வேண்டவே வேண்டாம். விறைப்பான உடையைப் போட்டுவிட்டுக் குழந்தை பொம்மை மாதிரி நிற்கும், விளையாடாது. டைரியில் ஒட்டி அனுப்ப வேண்டிய குறிப்பு:

"அன்புள்ள பெற்றோருக்கு, வீட்டில் இருக்கும் பழைய காக்கிச் சட்டை, வெள்ளைத் துப்பட்டா, தோள்பை, பயன்படுத்திய பஸ் டிக்கெட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம்."

வகுப்பை மூன்று மூலையாகப் பிரிப்போம்: பஸ், தபால் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம். பஸ்ஸுக்கு எட்டு நாற்காலி போதும். நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, சில்லறை கேட்டு, "ரைட், ரைட்!" என்று குரல் கொடுக்கட்டும். விசில் மட்டும் கொடுக்காதீர்கள்; ஒன்றை எல்லாரும் வாயில் வைத்தால் வியாழக்கிழமை பாதி வகுப்பு சளியோடு விடுப்பில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூலை மாற்றலாம். செவிலியராக ஆசைப்படும் பையனையும் ஓட்டுநராக ஆசைப்படும் பெண்ணையும் யாராவது கேலி செய்தால், அந்த மூலைக்கு நீங்களே நோயாளியாகவோ பயணியாகவோ போய் உட்கார்ந்துவிடுங்கள். கேலி நின்றுவிடும்.

புதன்: பொருத்துத் தாள்

படங்களை நான் வரைந்து தருகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. வண்ணப் பென்சிலால் கோடு போட்டால் போதும்.

யாருக்கு எது? கோடு போட்டுக் காட்டு.

1. தபால்காரர் — டிக்கெட் கட்டு
2. செவிலியர் — துடைப்பம்
3. தீயணைப்பு வீரர் — கடிதப் பை
4. பஸ் நடத்துநர் — கட்டிங் பிளேயர்
5. மின்வாரிய ஊழியர் — தெர்மாமீட்டர்
6. தூய்மைப் பணியாளர் — தண்ணீர் பீய்ச்சும் குழாய்

தாளின் அடியில் தனியாக ஒரு விசில். இது யாருடையது?

நடத்துநர், போக்குவரத்துக் காவலர், காலையில் குப்பை வண்டியோடு வரும் அக்கா என மூவரும் ஊதுவதுதான். ஒரு குழந்தை ஒன்றைச் சொன்னாலும் சரி, மூன்றைச் சொன்னாலும் சரி. "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சிவப்பு மை கூடாது.

வியாழன்: விருந்தினர்

நம் தெருவில் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் வருகிறார். விடியற்காலையில் தொடங்கும் சுற்று முடிந்த பிறகுதான் அவருக்கு ஓய்வு, எனவே 11.30 மணி. நகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் தலைமையாசிரியை அனுமதி பெற்றுவிட்டார். ஆண்டு விழா விருந்தினருக்குப் போடும் அதே நாற்காலியைப் போடுங்கள். வந்ததும் தண்ணீர், பிறகு தேநீர், நம் டம்ளரிலேயே. குழந்தைகள் "அக்கா, வணக்கம்" என்பார்கள்.

நீண்ட பேச்சு வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கையுறையைக் காட்டுவார், விசில் ஊதிக் காட்டுவார், பிறகு நேராக வேலைதான். பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. கழுவிக் காயவைத்த பால் பாக்கெட், வாழைப்பழத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, பிஸ்கட் உறை, காய்ந்த பூச்சரம் ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்திருங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒன்றைப் போடட்டும். தவறினால் அக்காவே திருத்தட்டும், நாம் குறுக்கிட வேண்டாம். காய்ந்த பூச்சரத்தில் நிச்சயம் தகராறு வரும்: பூ மக்கும், கட்டியிருக்கும் நைலான் நூல் மக்காது.

குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய கேள்விகள்: "உங்களுக்குக் கையில் காயம் பட்டிருக்கிறதா?", "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?", "காலையில் எப்போது சாப்பிடுவீர்கள்?" முதல் கேள்விக்கு உடைந்த கண்ணாடி பற்றிச் சொல்வார். அப்போது ஒரு கண்ணாடி வளையலைத் தடித்த தாளில் சுற்றி, தாளின் மேல் சிவப்பு வட்டம் போட்டு, தனியாகக் கொடுக்கும் முறையை நீங்கள் செய்து காட்டுங்கள். வளையலைக் குழந்தைகள் தொட வேண்டாம்.

அவர் கையில் குழந்தைகள் முன்னிலையில் பணம் கொடுக்காதீர்கள். அனுமதி கேட்காமல் புகைப்படமும் வேண்டாம்.

வெள்ளி

நன்றி அட்டை வரைதல், பிறகு பிடித்த மூலையில் மறுபடி விளையாட்டு. மூலையில் ஒரு துடைப்பத்தையும் வைத்து, அக்கா வந்துபோன பிறகு அதை இன்று யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தெருப் பெயர் சொல்லத் தெரியாதிருந்தவர்களிடம் மட்டும் 108 விளையாட்டை இன்னொரு முறை நடத்திவிடுங்கள். காக்கிச் சட்டைகளைப் பெயர்ச் சீட்டு பார்த்து அவரவர் பையில் வைத்தனுப்பவும்.