அழைப்பு: பழைய கடிதங்களையும் படங்களையும் காப்பது எப்படி? மார்ச் 14, சனிக்கிழமை, இணையவழி அமர்வு

அன்புடையீர்,

வணக்கம். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய கடிதங்களையும் ஒளிப்படங்களையும் கெடாமல் வைத்திருப்பது, ஸ்கேன் செய்வது பற்றி எங்கள் ஆவணக் குழு ஓர் இணையவழி அமர்வு நடத்துகிறது. இதுவரை இதை எங்களுக்குள்தான் நடத்திவந்தோம். முதல் முறையாக வெளியிலிருந்து விருந்தினர்களை அழைக்கிறோம். அதில் நீங்களும் ஒருவர். வந்து கலந்துகொள்ள வேண்டும்.

நாள்: 2026 மார்ச் 14, சனிக்கிழமை. மொத்தம் 75 நிமிடம். அதில் கடைசி 30 நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு.

நேரத்தை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 7.30. சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 10.00. லண்டனில் பிற்பகல் 2.00. டொராண்டோவில் காலை 10.00. வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் கடிகாரம் மார்ச் 8 அன்று ஒரு மணி நேரம் முன்னே போகிறது, பிரிட்டனில் 29-ம் தேதிதான் போகும். வழக்கமாக லண்டனுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மனக்கணக்காகப் போட்டால் ஒரு மணி நேரம் தப்பிவிடும். சிட்னியில் அப்போது ஞாயிறு அதிகாலை 1.00, அங்கே இருப்பவர்கள் தூங்குங்கள், பதிவை அனுப்பிவைக்கிறோம்.

என்ன பேசப்போகிறோம்

முதலில் பேசுபவர் தாள் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர். கிழிந்த கடிதத்தில் செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. இப்படி நல்லெண்ணத்தில் நாம் செய்துவைக்கும் கேடுகளிலிருந்துதான் அவர் தொடங்குவார்.

இரண்டாவதாக எங்கள் குழுவில் ஸ்கேனரோடு வாழும் ஒருவர். கடிதத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, ஏன் போதும், சின்னப் படத்துக்கு 600 ஏன் வேண்டும் என்பதை ஒரே படத்தை இரண்டு விதமாக ஸ்கேன் செய்து திரையில் காட்டுவார். ஆறுக்கு நான்கு அங்குலப் படம் 600-ல் 3600க்கு 2400 பிக்சலாக வரும். பெரிதாக்கிப் பார்த்தால் பின்வரிசையில் நிற்பவரின் முகம்கூடத் தெரியும். மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப அளவில் சிறிய ஜேபெக் எடுப்பது, மூன்று பிரதிகளை இரண்டு வகைச் சேமிப்பில் வைத்து ஒன்றை வேறு இடத்தில் வைப்பது ஆகியவையும் வரும்.

இணைவது எப்படி

அமர்வு ஜூமில் நடக்கிறது. உங்கள் பெயரை நாங்களே பதிவு செய்துவிட்டோம், நீங்கள் எதையும் நிரப்ப வேண்டாம். இணைப்பு no-reply@zoom.us என்ற முகவரியிலிருந்து தனி மடலாக வந்திருக்கும். காணவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியில் தேடுங்கள். அங்கும் இல்லை என்றால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், அன்றே மறுபடி அனுப்புகிறோம்.

அந்த இணைப்பு உங்களுக்கு மட்டுமானது. வீட்டில் இன்னொருவரும் தனிக் கணினியில் பார்க்க விரும்பினால் அவர் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதுங்கள், தனி இணைப்பு தருகிறோம். ஒரே இணைப்பில் இரண்டு பேர் நுழைந்தால் முதலில் இருந்தவர் வெளியே தள்ளப்படுவார். பிறகு இருவரும் மாறி மாறி ஒருவரையொருவர் வெளியேற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று அமர்வு தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே மடலைத் திறந்து இணைப்பை அழுத்துங்கள். ஜூம் செயலி இருந்தால் அதைத் திறக்கவா என்று உலாவி கேட்கும், சரி என்று சொல்லுங்கள். செயலி இல்லை, போடவும் விருப்பமில்லை (அலுவலகக் கணினியில் பலருக்கு அனுமதியே இருக்காது) என்றால் Join from your browser என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் உலாவியிலேயே ஓடும். அந்த வரி உடனே கண்ணில் படாது. Launch Meeting என்ற பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்தால் கீழே தோன்றும்.

உள்ளே போனதும், அமர்வு இன்னும் தொடங்கவில்லை, காத்திருங்கள் என்ற அறிவிப்பு வந்தால் நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். மூடிவிட்டுத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். உங்கள் முகமோ குரலோ யாருக்கும் தெரியாது. பேச்சாளர்களின் கேமரா மட்டுமே ஓடும். கேள்வியை Q&A பெட்டியில் தமிழிலேயே எழுதலாம். எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்றால் Raise Hand அழுத்துங்கள், முறை வந்ததும் மைக்கைத் திறந்துவிடுகிறோம். அமர்வைப் பதிவு செய்கிறோம். உங்கள் குரல் பதிவில் வேண்டாம் என்றால் எழுத்தில் கேளுங்கள், பெயரைச் சொல்லாமல் வாசிக்கிறோம்.

முன்கூட்டியே சோதித்துப் பார்க்க zoom.us/test என்ற பக்கம் போதும். கூடவே ஒருவர் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்காக மார்ச் 12, வியாழக்கிழமை, அதே நேரத்தில் அரை மணி நேரம் ஒத்திகைக்கூடம் திறந்திருக்கும். வந்து ஒலி கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். விவரம் வேண்டுவோர் பதிலில் 'ஒத்திகை' என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

இணையம் கைவிட்டால்: தொலைபேசி வழி

இந்தப் பகுதியை அச்செடுத்தோ ஒரு தாளில் எழுதியோ தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் போன பிறகு மடலைத் திறக்க முடியாதே.

பிரிட்டன் எண்: +44 20 7946 0318
அமெரிக்க எண்: +1 202 555 0147
வெபினார் எண்: 845 2071 3369
தொலைபேசிக் கடவு எண்: 614093

எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். பொத்தான் உள்ள பழைய போனும் போதும். அழைத்ததும் ஆங்கிலத்தில் ஒரு குரல் மூன்று விஷயம் கேட்கும். முதலில் வெபினார் எண்ணை இடைவெளி இல்லாமல் அழுத்தி # அழுத்துங்கள். இரண்டாவதாகப் பங்கேற்பாளர் எண் கேட்கும். உங்களிடம் அது இருக்காது, இருக்கவும் வேண்டாம், வெறும் # மட்டும் அழுத்துங்கள். மூன்றாவதாகக் கடவு எண், அப்புறம் மறுபடி #. அந்தக் குரல் 'பவுண்ட்' என்று சொன்னால் அது # பொத்தான்தான், காசு இல்லை.

இரண்டாவது படியை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சென்ற முறை எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்த இடத்தில் 'என்னிடம் எண் இல்லையே' என்று போனை வைத்துவிட்டார். நாங்கள் அனுப்பிய குறிப்பில் அந்தப் படியையே விட்டிருந்தோம். தவறு எங்களுடையது.

கைபேசியில் இருப்பவர்கள் கீழே உள்ள வரியை அப்படியே எண்ணாகச் சேமித்து வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் அது தானே அழுத்திவிடும். காற்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சிறு நிறுத்தம், அதனால் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

```
+442079460318,,84520713369#,,,,*614093#
+12025550147,,84520713369#,,,,*614093#
```

போனில் கேள்வி கேட்க *9 அழுத்தினால் கை உயரும். உங்களைப் பேச அனுமதித்ததும் குரல் ஒன்று சொல்லும், அப்போது *6 அழுத்திவிட்டுப் பேசுங்கள். எங்கள் திரையில் உங்கள் பெயர் வராது, எண்ணின் சில இலக்கங்கள்தான் தெரியும். ஆகவே முதலில் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இவை இலவச எண்கள் அல்ல. உங்கள் தொலைபேசித் திட்டத்தின்படி கட்டணம் வரும். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே இருப்பவர்களுக்கு அது வெளிநாட்டு அழைப்பாகக் கணக்கிடப்படலாம். அந்தச் செலவு வேண்டாம் என்றால் உங்கள் எண்ணை மார்ச் 10, செவ்வாய்க்குள் எழுதுங்கள். எங்களில் ஒருவர் தொடங்கும் நேரத்தில் உங்களை அழைத்து அமர்வோடு இணைத்துவிடுவார்.

போனில் கேட்பவர்களுக்குத் திரை தெரியாது. அதற்காக 13-ம் தேதி எல்லா விருந்தினருக்கும் காட்சிப் பக்கங்களை பிடிஎஃபாக அனுப்புகிறோம். பேச்சாளர்கள் பக்கம் மாறும்போதெல்லாம் எண்ணைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மறந்தால் நினைவூட்ட ஒருவரை நியமித்திருக்கிறோம். கணினியில் படம் வருகிறது, ஒலிதான் விட்டுவிட்டு வருகிறது என்றாலும் இந்த எண்களையே பயன்படுத்தலாம்: படத்தைக் கணினியில் பாருங்கள், ஒலியைப் போனில் கேளுங்கள், கணினியின் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

எங்கள் பக்கமே ஏதாவது அறுந்துபோனால் பத்து நிமிடம் பொறுங்கள். அதே இணைப்பிலும் அதே எண்களிலும்தான் திரும்ப வருவோம், புதிதாக எதுவும் அனுப்ப மாட்டோம். அந்த நேரத்தில் வேறு இணைப்பு யார் பெயரில் வந்தாலும் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் இந்த முகவரியிலிருந்து மடல் வரும்.

அன்று தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து முடியும் வரை இந்த மின்னஞ்சலைப் பார்ப்பது ஒன்றையே வேலையாகக் கொண்டு ஒருவர் இருப்பார். 'உள்ளே போக முடியவில்லை' என்று மட்டும் எழுதினாலும் போதும். கூடவே உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதினால் அவரே அழைப்பார்.

வருகிறீர்களா என்பதை மார்ச் 10-க்குள் ஒரு வரியில் தெரிவியுங்கள். வீட்டில் உள்ள ஒரு பழைய படத்தையோ கடிதத்தையோ அமர்வில் எடுத்துக்காட்டாகப் பேச வேண்டும் என்றால், அதைக் கைபேசியில் படமெடுத்து அந்தப் பதிலோடு இணைத்து அனுப்புங்கள். நான்கைந்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஏற்கெனவே டேப் ஒட்டிவிட்டதாக இருந்தால் இன்னும் நல்லது, தாள் பழுதுபார்ப்பவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். தயவுசெய்து அதற்குள் உரித்துப் பார்க்காதீர்கள்.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர்
ஆவணக் குழு சார்பாக