திரும்பி வந்தவன்

(7ஆம் வகுப்பு, லூக்கா 15:11–32, இன்றைய கதையாக)

“அப்பா, என் பங்கை இப்பவே கொடுங்க.”

அப்பா பதில் பேசவில்லை. அச்சகத்தில் ஒரு பகுதியை விற்று இளையவனிடம் கொடுத்தார்.

நகரத்தில் புது பைக், தினமும் விருந்து. பத்து மாதத்தில் பணம் தீர்ந்தது. நண்பர்கள் போனை எடுக்கவில்லை. உணவகத்தில் எச்சில் தட்டு கழுவினான். ஒருநாள் தட்டில் மிஞ்சியதை எடுக்கக் கை நீண்டபோதுதான் உறைத்தது: அப்பாவின் வேலையாட்கள்கூட வயிறாரச் சாப்பிடுகிறார்களே!

பேருந்தில் வழியெல்லாம் ஒத்திகை: “மகனாக வேண்டாம், வேலையாளாகச் சேர்த்துக்கோங்க.” தெருமுனையில் அவனைக் கண்டதும் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். பாதி வாக்கியம் அவர் தோளிலேயே அமுங்கியது.

வேலை முடிந்து வந்த அண்ணன், உள்ளே தம்பிக்கு விருந்து நடப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றான். அப்பா வெளியே வந்தார்.

“இத்தனை வருஷத்துல ஒருநாள் லீவு எடுத்தேனா? எனக்கு என்ன செஞ்சீங்க?”

“என்னுடையதெல்லாம் உன்னுடையதுதானேடா. தொலைஞ்ச தம்பி கிடைச்சிருக்கான். உள்ளே வா.”

கலந்துரையாட:

1. உயிரோடிருக்கும் அப்பாவிடம் பங்கு கேட்டால் அவர் மனம் என்ன நினைக்கும்?

2. மூல உவமையில் அவன் பன்றி மேய்க்கிறான். யூதருக்குப் பன்றி தீட்டு. எச்சில் தட்டு அதே இழிவைக் காட்டுகிறதா? வேறு எந்த வேலை பொருந்தும்?

3. அண்ணனின் கோபம் நியாயமா? ‘பொறாமை’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், அவன் பக்கம் நின்று இரண்டு காரணம் சொல்லுங்கள்.

4. அண்ணன் உள்ளே போனானா? லூக்காவும் சொல்லவில்லை. நான்கு வரியில் எழுதுங்கள்.