டிசம்பர் 31, மாலை: கணபதி பட்டறையில் முதலாளி பேசியது

எல்லோருக்கும் வணக்கம். தம்பி, அந்தக் கம்ப்ரசரையும் நிறுத்திவிடு. அதோடு போட்டி போட என் தொண்டைக்குத் தெம்பில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் இதே இடத்தில் நின்று, பாதி போனஸ்தான் தர முடிகிறது, மீதியை டிசம்பருக்குள் தருகிறேன் என்றேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம்முடைய பெரிய பில்லுக்கு 112ஆம் நாள்தான் பணம் வந்தது. கரண்ட் பில்லும் இன்செர்ட் வாங்கிய கடனும் அதுவரை பொறுக்குமா? இதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

ஆகஸ்டில் 1,200 இம்பெல்லர் ஓட்டினோமே, அதைச் சொல்ல வேண்டும். டெம்போ வாசலில் நிற்கிறது, பாதி ஏற்றியாகிவிட்டது. சரஸ்வதி அக்கா பிளக் கேஜைக் கையில் பிடித்துக்கொண்டு, "கோ போகிறது சரி, நோ-கோவும் போகிறதே" என்றார். எல்லாவற்றையும் இறக்கினோம். 38 பீஸில் துளை பெரிதாகியிருந்தது. இன்செர்ட் மாற்றியபின் ஆஃப்செட்டைச் சரிபார்க்காமல் ஓட்டியதால் வந்த வினை. யார் ஓட்டியது என்று நான் கேட்பதற்குள் கார்த்தி முன்னால் வந்து, "நான்தான்" என்றான். எனக்கு வாய் வரை கோபம் வந்தது. பழனிச்சாமி அண்ணன் நடுவில் புகுந்து, "முதலில் மீதியை அளப்போம், அப்புறம் திட்டலாம்" என்றார். இரவு பதினொரு மணிவரை 11 பேரும் அளந்தீர்கள். அப்புறம் திட்டவே மறந்துவிட்டேன். அந்தச் சரக்கு அப்படியே போயிருந்தால், இன்று இந்தப் பேச்சே இருந்திருக்காது. உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

இனிப் பண விஷயம். பாக்கி போனஸ் முழுவதும் இன்று உங்கள் கைக்கு வருகிறது. அதற்கு மேல் ஆளுக்கு 3,000 ரூபாய். செப்டம்பரில் சேர்ந்த ஜார்க்கண்ட் தம்பிகள் இருவருக்கும் அதே 3,000தான், குறைவில்லை. ஒரு தடவை மளிகைக் கடைக்குப் போய்வந்தால் தீர்ந்துவிடுகிற தொகை என்று எனக்கும் தெரியும். இதைவிடக் கூட்டினால் ஜனவரிச் சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்த வழிக்கு நான் போக மாட்டேன். கூலி உயர்வு பற்றி ஏப்ரலில் உட்கார்ந்து பேசுவோம். இன்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அன்று விழிக்க எனக்கு விருப்பமில்லை.

சரஸ்வதி அக்கா ஒரு வருடமாகக் கேட்ட, முதுகு சாய்கிற நாற்காலி வந்துவிட்டது. ஆபீஸில் இருக்கிறது, வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, நான் உட்பட.

நாளை விடுமுறை. 2ஆம் தேதி காலை எட்டரைக்கு முதல் ஷிஃப்ட். கவரை வாங்கியதும் எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். போண்டா ஆறுகிறது, வாருங்கள்.