எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டை முடிக்கக் கல்வி விடுப்பு கோரும் விண்ணப்பம்

மதுரை,
14.07.2025

அனுப்புநர்
ர. செல்வராணி,
ஸ்டாஃப் நர்ஸ்,
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்.

வழி: நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அவர்கள்.

பொருள்: எம்.எஸ்சி. நர்சிங் (குழந்தைகள் நலச் செவிலியம்) இரண்டாம் ஆண்டு – 01.10.2025 முதல் 30.09.2026 வரை கல்வி விடுப்பும் தடையின்மைச் சான்றும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2022 அக்டோபரில் நிர்வாகம் அளித்த ஓராண்டு விடுப்பில் எம்.எஸ்சி. நர்சிங் முதல் ஆண்டை முடித்து, எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றேன். அப்போது நம் பிரிவிலிருந்து மூன்று பேர் ஒரே சமயத்தில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டதால், இரண்டாம் ஆண்டைத் தள்ளிவைத்து 2023 அக்டோபரில் பணிக்குத் திரும்பினேன். அந்த இரண்டாம் ஆண்டைப் படித்து முடிக்க, மேலே கண்ட 12 மாதங்களுக்குக் கல்வி விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் உள்ள 42 நாள் ஈட்டிய விடுப்பை முதலில் கழித்துக்கொண்டு, மீதிக் காலத்தைச் சம்பளமில்லா விடுப்பாக வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு மருத்துவமனையின் உதவி எதையும் கேட்கவில்லை.

இந்த ஆண்டே கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, சேர்ந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் இந்தப் படிப்பை முடித்தாக வேண்டும். எனக்கு அந்தக் கெடு 2026 அக்டோபர். இந்த அக்டோபரில் மறுசேர்க்கை ஆகாவிட்டால், தேர்ச்சி பெற்ற முதல் ஆண்டும் வீணாகிவிடும். மறுபடி நுழைவிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலையையும் படிப்பையும் சேர்த்தே பார்க்க முடியாதா என்று நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் கேட்டார்கள். இது முழுநேரப் படிப்பு. அஞ்சல் வழியில் கிடையாது. வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். கிளினிக்கல் பயிற்சியை 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். பகலில் கல்லூரி, இரவில் நைட் டூட்டி என்று ஓட்டுவது நம் பிரிவுக்கு ஆகாது. 1.1 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் 22 மில்லிகிராம். மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள வயலில் அது 1.1 மில்லி. தூக்கக் கண்ணோடு ஒரு புள்ளி நகர்ந்து 11 மில்லி என்று எழுதப்பட்டால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இரண்டாவது நர்ஸ் சரிபார்ப்பது ஒரு பாதுகாப்புதான். அதை நம்பி முதல் ஆள் அசதியோடு நிற்கக் கூடாது. அதனால்தான் முழு விடுப்பாகவே கேட்கிறேன்.

நான் இல்லாத காலத்துக்கு ஆள் ஏற்பாடு குறித்து என் யோசனை இது. 12 படுக்கைகளுக்கு இப்போது 14 ஸ்டாஃப் நர்ஸ்கள் இருக்கிறோம். வென்டிலேட்டரில் ஒரு குழந்தை இருந்தாலே அதற்கென ஒரு நர்ஸ் தனியாகப் போய்விடுவார். ஆகவே 13 பேராகக் குறைந்தால் வார ஓய்வு கொடுப்பதே சிரமமாகும். குழந்தைகள் வார்டிலிருந்து ஒருவரை ஆகஸ்ட் 18 முதலே இங்கு மாற்றினால், செப்டம்பர் இறுதி வரை ஆறு வாரம் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை கற்றுக்கொள்வார். நான் கிளம்பிய பிறகு புதியவரை அனுப்புவதைவிட இதுதான் நல்லது. ஏனென்றால் இங்குள்ள சில வேலைகள் கையால் செய்து பார்த்தால்தான் பிடிபடும். சி-பாப் மூக்குக் குழாய் சிறிய அளவாக இருந்தால் காற்று கசிந்து அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்கட்டும் என்று இறுக்கினால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகிவிடும். சரியான அளவைப் போட்டு, குழாய்க்கும் நடுத்தண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, ஒவ்வொரு கவனிப்பின்போதும் தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிஐசிசி லைனை ஃப்ளஷ் செய்யும்போது 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைந்ததை எடுக்கவே கூடாது. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் கூடும், லைன் உள்ளே வெடித்துவிடலாம். பொது வார்டில் 2 மில்லி சிரிஞ்சுக்குக் கை பழகியவர்களுக்கு இந்த ஒன்றை மாற்றவே சில வாரம் பிடிக்கும்.

பிஐசிசி பதிவேடு, கிராஷ் கார்ட் சரிபார்ப்புப் பட்டியல், வார்மர் அளவீட்டுப் பதிவு, தாய்ப்பால் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவு ஆகியவற்றை செப்டம்பர் 26-க்குள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஒப்படைக்கிறேன். ஃபென்டனில், மார்ஃபின் இருக்கும் இரட்டைப் பூட்டு அலமாரியின் என் வசமுள்ள சாவியை மட்டும் தனியாக, பார்மசிஸ்ட் முன்னிலையில் ஆம்பூல்களை எண்ணி, பதிவேட்டில் மூவரும் கையெழுத்திட்ட பிறகு தருகிறேன். செவிலியர் விடுதி அறையை செப்டம்பர் 30 அன்று காலி செய்துவிடுவேன்.

என் ஆய்வேட்டையும் நம் பிரிவிலேயே செய்ய அனுமதி வேண்டுகிறேன். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கங்காரு தாய்ப் பராமரிப்பு தரவேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது. நம்மிடம் அந்த நேரம் எட்டுவதில்லை. தாய்க்கு மனமில்லாமல் அல்ல: சிசேரியன் ஆனவர்கள் மேல்தளத்தில் இருக்கிறார்கள், சாய்வு நாற்காலிகள் நான்குதான், குழந்தையை நெஞ்சில் வைத்தால் வயர் கழன்றுவிடும் என்று நாமே தயங்குகிறோம். நர்ஸ்கள் முன்நின்று நடத்தும் ஓர் ஏற்பாட்டால் இந்த நேரம் கூடுகிறதா என்று 60 தாய்மாரிடம் பார்க்க விரும்புகிறேன். முதல் ஆண்டில் பெற்ற நெறிமுறைக் குழு ஒப்புதல் காலாவதியாகிவிட்டதால், நவம்பரில் புதிதாக விண்ணப்பிப்பேன். தகவல் சேகரிப்பு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆறு வாரம். தாயின் பெயரோ ஐபி எண்ணோ என் படிவங்களில் இருக்காது. முடிவுகளைக் கல்லூரிக்குக் கொடுக்கும் அதே வாரத்தில் பிரிவுக்கும் கொடுப்பேன். நாற்காலி வாங்கக் கேட்பதற்காவது அது உதவும்.

விடுப்பு முடிந்து 01.10.2026 அன்று பணியில் சேர்வேன். தேர்வு முடிவு வரத் தாமதமானாலும் அதற்காகக் காத்திருக்க மாட்டேன். தேர்வு தேதியே தள்ளிப்போனால், தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவிப்பேன். திரும்பிய பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவதாக முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதித்தரச் சம்மதிக்கிறேன். பட்டம் வந்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் கூடுதல் தகுதியாகப் பதிந்து நகலைத் தருவேன்.

மனிதவளப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். விடுப்பில் போகும் ஊழியருக்கு வருங்கால வைப்புநிதித் தளத்தில் வெளியேறிய தேதியைப் பதிந்துவிட்டால், பின்னால் அதைத் திருத்துவது பெரும் அலைச்சல். எனக்கு அதைப் பதியாமல், சம்பளமில்லா மாதங்களை மாதாந்திரக் கணக்கில் பங்களிப்பில்லா நாட்களாக மட்டும் காட்டினால் பணித்தொடர்ச்சி பாதுகாப்பாக இருக்கும்.

மறுசேர்க்கை விண்ணப்பத்தைக் கல்லூரியில் ஆகஸ்ட் 14-க்குள் கொடுக்க வேண்டும். "படிக்க ஆட்சேபணை இல்லை" என்று மட்டும் இருக்கும் சான்றைக் கல்லூரி திருப்பி அனுப்பிவிடுகிறது. விடுப்பின் தொடக்க, முடிவுத் தேதிகளும் முழுநேர விடுப்பு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். எனவே ஜூலை 31-க்குள் ஆணையும் சான்றும் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் பேச வேண்டுமென்றால், இந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், மதியம் 2.30-க்கு மேல் எப்போது அழைத்தாலும் வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ர. செல்வராணி

இணைப்பு: முதல் ஆண்டு மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் மறுசேர்க்கைக் கடிதம், 2022-ஆம் ஆண்டு விடுப்பு ஆணை, செவிலியர் பதிவுச் சான்று (அனைத்தும் நகல்கள்), ஆய்வேட்டின் இரண்டு பக்கச் சுருக்கம்.