கட்டணப் பில்: அக்கா, தம்பி இருவருக்கும் சேர்த்து, 2025-26

பில் எண்: 2025-26/0118
தேதி: 26.05.2025
சேவைக் குறியீடு (எஸ்ஏசி): 999293, கோச்சிங் வகுப்பு
சேவை வழங்கும் இடம்: தமிழ்நாடு (33)
பெறுபவர்: சேர்க்கை எண் 25-12-041 (அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு), 25-11-067 (தம்பி, பதினொன்றாம் வகுப்பு) ஆகியோரின் பெற்றோர்
பாடங்கள்: இருவருக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல்
வகுப்புக் காலம்: 02.06.2025 முதல் 08.03.2026 வரை, 40 வாரம். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம்.

| விவரம் | அக்கா (ரூ.) | தம்பி (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|
| ஆண்டுக் கட்டணம் | 60,000 | 50,000 | 1,10,000 |
| உடன்பிறப்புச் சலுகை, தம்பிக்கு 10% | – | 5,000 | 5,000 |
| சலுகை போக | 60,000 | 45,000 | 1,05,000 |
| சிஜிஎஸ்டி 9% | 5,400 | 4,050 | 9,450 |
| எஸ்ஜிஎஸ்டி 9% | 5,400 | 4,050 | 9,450 |
| கட்ட வேண்டியது | 70,800 | 53,100 | 1,23,900 |

ரூபாய் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும்.

சேர்க்கைக் கட்டணம், நோட்ஸ், டெஸ்ட் பேப்பர் என்று தனியாக எதுவும் வாங்குவதில்லை. சலுகையைப் பில்லிலேயே கழித்துவிட்டதால் ஜிஎஸ்டி 45,000 ரூபாய்க்குத்தான், 50,000 ரூபாய்க்கு அல்ல. சலுகையைப் பிறகு தருகிறோம் என்று பில்லை முழுத் தொகைக்குப் போட்டால் அந்த 5,000 ரூபாய்க்கும் 900 ரூபாய் வரி ஏறிவிடும்.

தவணைகள்

| தவணை | கடைசித் தேதி | அக்கா (ரூ.) | தம்பி (ரூ.) | சேர்த்து (ரூ.) |
|---|---|---|---|---|
| முதல், 40% | 02.06.2025 | 28,320 | 21,240 | 49,560 |
| இரண்டாம், 30% | 01.09.2025 | 21,240 | 15,930 | 37,170 |
| மூன்றாம், 30% | 01.12.2025 | 21,240 | 15,930 | 37,170 |

முதல் தவணை 16 வார வகுப்புக்குச் சரியாக வரும், அதாவது 21.09.2025 வரை. இரண்டாம் தவணையோடு சேர்த்தால் 28 வாரம், 14.12.2025 வரை. அதனால் இரண்டாம், மூன்றாம் தவணைகளைக் கடைசித் தேதிக்குப் பின் 10 நாள் வரை தாமதக் கட்டணம் இல்லாமல் கட்டலாம். அதற்கும் மேல் முடியாத நிலை வந்தால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தேதியை மாற்றி எழுதித் தருகிறோம். பணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பமாட்டோம். பாக்கியைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்கவும் மாட்டோம், உங்களிடம்தான் கேட்போம்.

இருவருக்கும் ஒரே தடவையாக யுபிஐயில் அனுப்பினால் குறிப்பில் இரண்டு சேர்க்கை எண்களையும் எழுதுங்கள். ஒரு எண் மட்டும் இருந்தால் முழுப் பணமும் அந்தக் கணக்கில் ஏறிவிடும், அடுத்தவர் பெயரில் பாக்கி காட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் அச்சிட்ட ரசீது கைக்கு வந்த பிறகே கிளம்புங்கள். காசோலை திரும்பினால் வங்கி எங்களிடம் பிடித்த தொகையை மட்டும் உங்களிடம் வாங்குவோம்.

இடையில் நின்றால் பணம் திரும்பும் முறை

மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முழுக் கட்டணம் கட்டிய மாணவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய பணத்தை விகிதப்படி 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவணையில் கட்டுபவர்களுக்கும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறோம்.

விலகும் தேதி என்பது கையெழுத்திட்ட கடிதமோ மின்னஞ்சலோ எங்களுக்கு வந்து சேரும் நாள். பிள்ளை கடைசியாக வகுப்புக்கு வந்த நாளை எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான பெற்றோர் பணம் இழப்பது இங்கேதான். பிள்ளை வராமல் நின்றுவிடும், கடிதம் ஆறு வாரம் கழித்து வரும். அதுவரை இடம் அவருக்காகவே இருக்கிறது என்பதால் அந்த வாரங்களும் கணக்கில் சேரும். முடிவு எடுத்த அன்றே எழுதிக் கொடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடங்கிய வாரம் முழு வாரமாகக் கணக்கிடப்படும். பண்டிகை விடுமுறை வாரங்களும் அந்த 40-க்குள்தான் வருகின்றன, அவற்றைக் கழிப்பதில்லை.

ஒரு வாரத்துக்கு ஜிஎஸ்டியோடு அக்காவுக்கு 1,770 ரூபாய், தம்பிக்கு 1,327.50 ரூபாய். தம்பி இரண்டு தவணையும் கட்டிய பிறகு 17.10.2025 வெள்ளிக்கிழமை விலகல் கடிதம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது 20-ஆவது வாரம்.

கட்டியது: 21,240 + 15,930 = 37,170
20 வாரத்துக்கு: 20 × 1,327.50 = 26,550
திரும்பும் தொகை: 10,620

அதே கடிதம் மூன்று நாள் தள்ளி 20.10.2025 திங்கள் வந்தால் 21-ஆவது வாரம் தொடங்கிவிடும், திரும்புவது 9,292.50 ஆகக் குறையும்.

மேலே உள்ள கணக்கில் வாரத் தொகை சலுகை போன 45,000 ரூபாயை வைத்து வந்தது. பிள்ளை நின்றதும் சலுகையை ரத்து செய்து, படித்த வாரங்களுக்கு 50,000 ரூபாய் வீதம் போட்டால் 29,500 கழிந்து 7,670 ரூபாய்தான் திரும்பும், 2,950 ரூபாய் குறையும். அப்படி நாங்கள் செய்வதில்லை. கொடுத்த சலுகை கொடுத்ததுதான்.

அக்கா விலகித் தம்பி தொடர்ந்தாலும் அவருடைய 10% அப்படியே இருக்கும். சேர்க்கையின்போது சொன்ன கட்டணத்தைப் படிப்பு முடியும்வரை கூட்டக்கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. சலுகையை நடுவில் எடுப்பதும் கட்டணத்தைக் கூட்டுவதுதான் என்பது எங்கள் கருத்து.

விலகும்போது பாக்கி இருந்தால் கணக்கு மறுபக்கமும் போகும். தம்பி முதல் தவணை மட்டும் கட்டி 18-ஆவது வாரத்தில் நின்றால், 23,895 ரூபாய்க்குப் படித்து 21,240 கட்டியிருப்பார். மீதி 2,655 ரூபாயை மட்டும் கட்டினால் போதும், இரண்டாம் தவணை முழுவதும் தேவையில்லை.

பணத்தோடு, பில் தொகை குறைந்ததைக் காட்டும் கிரெடிட் நோட் ஒன்றும் கிடைக்கும். 17.10.2025 உதாரணத்தில் அது 26,550 ரூபாய்க்கு இருக்கும்: கட்டணம் 22,500, ஜிஎஸ்டி 4,050. கைக்கு வருவது 10,620 மட்டும் ஏன் என்றால், மீதி 15,930 இன்னும் கட்டாத மூன்றாம் தவணை. அது ரத்தாகிறது. இந்த ஆண்டின் பில்லுக்கான கிரெடிட் நோட்டை 30.11.2026-க்குள் ஜிஎஸ்டி கணக்கில் காட்டினால்தான் வரி சரியாகும். வகுப்பு மார்ச்சில் முடிவதால் அதில் சிக்கல் வராது.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே போகும், மேற்படி உதாரணத்தில் 27.10.2025-க்குள். ரொக்கமாகக் கட்டியிருந்தால் கடிதத்தில் பெற்றோரின் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு இரண்டையும் எழுதுங்கள். அக்காவின் மூன்றாம் தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதினால் அப்படியும் செய்வோம், டிசம்பரில் 21,240-க்குப் பதில் 10,620 கட்டினால் போதும். நீங்கள் கேட்காமல் நாங்களாகக் கழிக்கமாட்டோம். வாங்கிய நோட்ஸைத் திருப்பித் தர வேண்டாம்.

கணக்கில் தவறு தெரிந்தால் பில் எண்ணைச் சொல்லி, ரசீதுகளுடன் அலுவலகத்துக்கு வாருங்கள், எதிரிலேயே திருத்தித் தருகிறோம்.

நிர்வாகி, கட்டணப் பிரிவு